முதல் செய்தியை ‘அழகி’யில் ஆரம்பிக்காதீர்கள், ஆம்லெட்டில் ஆரம்பியுங்கள்

*வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. நான்கு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். டேட்டிங் செயலி ஒன்றில் ஸ்பெயினின் சரகோசாவில் இருக்கும் ஒரு பெண்ணோடு மேட்ச் ஆகியிருக்கிறது. முதல் செய்தியை அவர் மொழியிலேயே அனுப்ப ஆசை. பாதி நானே எழுதினேன், பாதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தேன். மறுபடி திருப்பிப் போட்டும் பார்த்தேன், அர்த்தம் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை. மரியாதைக் குறைவாகவோ வழிவதாகவோ தெரியுமா? அவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பது முதலில், என் செய்தி அடுத்து:*

```
Profe de primaria. Los domingos, bici y siesta.
La tortilla, siempre con cebolla. No discuto.
```

```
Hola hermosa! Eres muy linda, me gustas mucho.
Quiero conocerte. Tengo 29 anos. Tienes WhatsApp?
```

கை வராமல் போனது நல்லதாயிற்று. இலக்கணத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியும் இன்று காலையிலேயே அந்தப் பெண்ணுக்கு வேறு யார் யாரிடமிருந்தோ வந்திருக்கும். அதைவிட, நீங்கள் சொல்ல நினைத்ததற்கும் அவர் காதில் விழப்போவதற்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது.

சிரிக்க வேண்டியதை முதலில் சிரித்துவிடுவோம். வயதைச் சொல்லும் இடத்தில் n மேல் இருக்க வேண்டிய சுழியை விட்டுவிட்டீர்கள். ‘அன்யோஸ்’ என்றால் வருடங்கள். சுழி போனால் அது ‘அனோஸ்’ ஆகிவிடும், அதன் பொருள் ஆசனவாய்கள். எனக்கு 29 இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் அறிமுகம் செய்துகொள்ளப் பார்த்தீர்கள். ஸ்பானிஷ் படிக்கிற அத்தனை பேரும் ஒருமுறை செய்கிற தவறுதான் இது, அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். கைபேசியில் n எழுத்தை அழுத்திப் பிடித்தால் ñ வரும், கேள்விக்குறியை அழுத்திப் பிடித்தால் தலைகீழ் ¿ வரும். அரட்டையில் ஸ்பானியர்களே தலைகீழ்க் குறியைப் பல சமயம் போடுவதில்லை, அது போனாலும் பரவாயில்லை. ñ மட்டும் போகக் கூடாது. எப்படியும் உங்கள் வயது செயலியிலேயே தெரிகிறது, அந்த வாக்கியமே தேவையில்லை.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். ‘எர்மோசா’, ‘லிந்தா’ இரண்டும் அழகி என்பதுதான். ஸ்பெயினில் கடைக்குப் போனால் காய்கறி விற்கும் அம்மா முன்பின் தெரியாத பெண்ணைக்கூட ‘குவாப்பா’ என்பார், ‘கரீன்யோ’ என்பார். முதலாவது அழகி, இரண்டாவது செல்லம் மாதிரி. கரீபியன் பக்கம் போனால் காப்பி ஊற்றுகிறவரே ‘மி அமோர்’, என் அன்பே, என்று கூப்பிடுவார். இதையெல்லாம் காணொளிகளில் பார்த்துவிட்டு, அந்த மொழியில் அது சகஜம் போல என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சகஜம்தான். ஆனால் யார், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதில் இருக்கிறது அந்தச் சகஜம். நம் ஊர்க் கடைக்காரம்மா ‘என்னம்மா, என் தங்கம், என்ன வேணும்?’ என்பதும், முகம் தெரியாத ஆண் ஒருவர் கைபேசியில் ‘என் தங்கம்’ என்று எழுதுவதும் ஒன்றா?

அங்கே இதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது, ‘பிரோப்போ’. தெருவில் போகிற பெண்ணைப் பார்த்து ஆண் உதிர்க்கும் பாராட்டு. ஒரு காலத்தில் அதை ஒரு கலை என்றே கொண்டாடினார்கள். இப்போது நிலைமை வேறு. பொது இடங்களில் நடக்கும் பாலியல் சீண்டலுக்கு எதிராகப் பெரு நாட்டில் 2015-இல் தனிச் சட்டம் வந்தது. பெண்கள் மீதான வன்முறை வகைகளில் ஒன்றாகத் தெருச் சீண்டலையும் அர்ஜென்டினா 2019-இல் சேர்த்தது. ஸ்பெயினும் 2022-இல் சட்டத்தை மாற்றிக்கொண்டது. உங்கள் செய்தி குற்றம் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். இத்தனை ஆண்டுகளாக இந்தப் பேச்சு நடக்கிற சமூகத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் காதில், அறிமுகமில்லாதவர் சொல்லும் ‘எர்மோசா’ பாராட்டாக விழாது, பிரோப்போவாக விழும். அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘லிந்தா’ அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷில்தான் அதிகம் புழங்குகிறது. ஸ்பெயினில் இதே இடத்தில் ‘குவாப்பா’ என்பார்கள். அதனால் உங்கள் வரி கொஞ்சம் தொலைக்காட்சித் தொடர் வசனம் மாதிரியும் கேட்கும். அதற்காக லிந்தாவை எடுத்துவிட்டுக் குவாப்பாவைப் போட்டுவிடாதீர்கள். தோற்றத்தைப் பற்றிய சொல் எதுவுமே முதல் செய்தியில் வேண்டாம். குறிப்பாக, ‘எஸ்தாஸ் புவேனா’ என்பதை எப்போதும் எழுதிவிடாதீர்கள். ‘நீங்கள் நல்லவர்’ என்று சொல்ல நினைத்துப் புதியவர்கள் இதை எழுதிவிடுகிறார்கள். வினைச்சொல் ஒன்று மாறியதால் அது உடம்பைப் பற்றிய கொச்சையான பேச்சாகிவிடுகிறது.

அடுத்தது ‘மே குஸ்தாஸ்’. உங்கள் செய்தியில் மிகவும் கனமான சொல் இதுதான், அதன் கனம் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வினைச்சொல் சீக்கிரம் பிடிபடும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் ‘எனக்கு’ போட்டுச் சொல்கிறோமே, ஸ்பானிஷிலும் அப்படித்தான், ‘மே’ என்பது அந்த ‘எனக்கு’. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறும்போது நாம் ஒரே வகுப்பில் தாண்டிவிடுவோம். ஆனால் சுலபமாக வந்துவிடுவதால் கவனம் போய்விடுகிறது. ஒரு பொருளைப் பற்றியோ செயலைப் பற்றியோ சொல்லும்போது இந்த வினை சாதுவானது. எனக்கு சைக்கிள் பிடிக்கும், எனக்கு மழை பிடிக்கும், ஒரு தொந்தரவும் இல்லை. எதிரில் இருக்கும் ஆளையே பார்த்து ‘மே குஸ்தாஸ்’ என்றால் அது ஈர்ப்பைச் சொல்வது. ஒருவரிடம் நேருக்கு நேர் நின்று ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்றால் என்ன அர்த்தமோ அது. கூடவே ‘முச்சோ’வும் சேர்த்து ‘ரொம்ப’ ஆக்கியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருவரிடம்!

நீங்கள் சொல்ல நினைத்தது ‘உங்களைப் பார்த்தால் நல்ல மாதிரி தெரிகிறது, பேசலாம் என்று தோன்றுகிறது’ என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஸ்பானிஷில் வேறு சொல் இருக்கிறது:

```
Me caes bien.
```

மனிதராக உங்களைப் பிடிக்கிறது, அவ்வளவே. காதல் வாடை இல்லை. ஆனால் இதையும் இப்போதே எழுத முடியாது. சில நாள் பேசிப் பழகிய பிறகு சொன்னால்தான் பொருந்தும். முதல் நாள் நீங்கள் பார்த்திருப்பது அவரை அல்ல, அவர் எழுதிய இரண்டு வரியை. எனவே அந்த வரி பிடித்தது என்று சொல்லலாம். அது உண்மை, யாரையும் நெளிய வைக்காது.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அர்த்தம் சரியாக வந்தது என்கிறீர்கள். அங்கேதான் ஏமாந்தீர்கள். ‘மே குஸ்தாஸ்’ என்பதைத் தமிழுக்குத் திருப்பினால் ‘எனக்கு உங்களைப் பிடிக்கும்’ என்றுதான் வரும். எழுத்துக்கு எழுத்து சரி. அந்தச் சொல்லை யாரிடம், எத்தனையாவது சந்திப்பில் சொல்வார்கள் என்பது திரும்பி வராது. இந்தச் சோதனை வாக்கியம் உடைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும், அத்துமீறியிருந்தால் காட்டிக்கொடுக்காது.

இதில் நானும் விழுந்து எழுந்தவள்தான். ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த முதல் வருடம், வகுப்பில் ஒரு நாடகம் போட இருந்தோம். மனம் துள்ளுகிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லின் சாயலில் ‘எஸ்தோய் எக்ஸித்தாதா’ என்று உரக்கச் சொன்னேன். வகுப்பே ஒரு கணம் அமைதியானது. பாடம் எடுத்தவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ‘எமோஸியோனாதா’ என்று மெதுவாகத் திருத்தினார். நான் சொன்னதற்கு ஸ்பானிஷில் காமம் கிளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதே குடும்பத்தில் இன்னொன்று, ‘எஸ்தோய் காலியென்தே’. வெயில் தாங்காமல் இதைச் சொன்னால் அதுவும் அந்த அர்த்தத்துக்கே போகும். புழுங்குகிறது என்று சொல்ல ‘தெங்கோ காலோர்’ என்பார்கள். வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் ஞாபகம் இருக்கட்டும்.

‘கியெரோ கொனோஸெர்தே’ என்ற வரியில் ஆபாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ‘கியெரோ’ என்பது பட்டென்று ‘வேண்டும்’ என்பது. உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், சந்திக்க வேண்டும் என்று இரண்டுமாகக் கேட்கும். ‘மே குஸ்தாரியா’ என்று போட்டால் ‘விரும்புகிறேன்’ என்ற பணிவு வந்துவிடும், சரிதான். ஆனால் என் கருத்து, இந்த வாக்கியமே வேண்டாம் என்பதுதான். தெரிந்துகொள்வதற்காகத்தானே இருவரும் அந்தச் செயலியில் இருக்கிறீர்கள்? சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட வந்தேன் என்று அறிவிக்க வேண்டியதில்லை.

கடைசியில் வாட்ஸ்அப் இருக்கிறதா என்று எண் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பெயினில் ஏறக்குறைய எல்லோரும் அதே அரட்டைச் செயலியில்தான் பேசிக்கொள்கிறார்கள், அதனால் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். டேட்டிங் செயலிக்குள் இருக்கும்வரை பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் உங்களை நீக்கிவிடலாம், புகார் செய்யலாம், அவருடைய எண் உங்களிடம் இருக்காது. எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு கையை விட்டுப் போய்விடும். முதல் செய்தியிலேயே எண் கேட்பவரைப் பற்றி ஒரு பெண்ணுக்கு வருகிற முதல் சந்தேகமே அதுதான். எங்கே பேசுவது என்பதை அவரே ஒருநாள் சொல்லட்டும்.

சரி, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், என்ன மிச்சம்? ‘ஓலா’, வணக்கம், அது மட்டும்தான். இப்போது அவர் எழுதியதைப் படிப்போம். நீங்கள் படித்த மாதிரியே தெரியவில்லை, உங்கள் செய்தியில் அதிலிருந்து ஒரு சொல்கூட இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள், மதியத் தூக்கம். ‘தோர்த்தியா எப்போதும் வெங்காயத்தோடுதான். விவாதம் கிடையாது.’ அந்தக் கடைசி வரி வீட்டு வாசலைத் திறந்து வைத்திருப்பது மாதிரி. ஸ்பெயினில் தோர்த்தியா என்றால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கனமாக வார்க்கிற ஆம்லெட். மெக்ஸிகோவில் அதே சொல்லுக்கு மக்காச்சோள மாவில் தட்டிய ரொட்டி என்று பொருள். அதைக் குழப்பிக்கொண்டால் காரியம் கெட்டது. இந்த ஆம்லெட்டில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது அந்த நாட்டில் தீராத செல்லச் சண்டை. இரண்டு கட்சிக்கும் பெயர்கூட வைத்திருக்கிறார்கள், வெங்காயக் கட்சிக்குக் ‘கொன்செபொயிஸ்தா’, எதிர்க்கட்சிக்குச் ‘சின்செபொயிஸ்தா’. விவாதம் கிடையாது என்று அவர் எழுதியிருப்பது, வந்து விவாதம் செய் என்ற அழைப்பு. உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு சண்டை உண்டு, சிலருக்கு நடுவில் கொழகொழவென்று இருக்க வேண்டும், சிலருக்கு நன்றாக இறுகியிருக்க வேண்டும். நாம் அதைக் கேட்போம்:

```
¡Hola! Me ha hecho reír lo de la tortilla.
Con cebolla, de acuerdo. ¿Y por dentro: poco hecha o bien cuajada?
Llevo cuatro meses aprendiendo español, así que perdona los fallos.
```

தோர்த்தியா பற்றி எழுதியது சிரிக்க வைத்தது. வெங்காயம், சரி, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே எப்படி, பதமாகவா, இறுகியா? நான்கு மாதமாகத்தான் ஸ்பானிஷ் படிக்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். அவ்வளவுதான். பெயர் எழுதவில்லை, செயலியே காட்டும். அவர் ஒரே சொல்லில் பதில் போடலாம், நாலு வரியும் எழுதலாம், இரண்டுமே அவருக்குச் சுலபம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதல் செய்தியில் வழுக்கிக்கொண்டு போகும் ஸ்பானிஷ், மூன்றாவது செய்தியில் நொண்டினால் அவருக்கு எங்கோ இடிக்கும். முதலிலேயே சொல்லிவிட்டால், புரியாத இடத்தில் ‘இது என்ன அர்த்தம்?’ என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். அவரோ ஆசிரியை, திருத்தாமல் இருக்க மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதும்போது இடறும். கடைசி வரியில் ‘பெர்தோனா’ என்று போட்டது ‘தூ’ முறை, அதாவது நீ, உன் மாதிரி. மரியாதை என்றால் ‘உஸ்தெத்’ போட வேண்டாமா, நீங்கள் என்று சொல்வது போல, என்று உங்களுக்குத் தோன்றும். தமிழ் மனசுக்கு அப்படித்தான் தோன்றும். ஸ்பெயினில் உங்கள் வயதுக்காரர்களிடையே உஸ்தெத் போட்டால், வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கும். தூ அங்கே மரியாதைக் குறைவு இல்லை. இதே பெண் புவெனஸ் ஐரெஸில் இருந்திருந்தால் ‘போஸ்’ என்பார், வினைமுற்றும் மாறும். பொகோத்தாவில் இருந்திருந்தால் நெருங்கிய தோழியிடம்கூட உஸ்தெத் போடக்கூடும், அதை விலகல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எங்கும் தூ போட்டே பேசலாம், வெளிநாட்டுக்காரர் என்று புரிந்துகொள்வார்கள். ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக வழங்கும் நாடுகள் 20 இருக்கும்போது, எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் பேசுவேன் என்றால் வாழ்க்கை போதாது. வேறு ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ‘எனக்கு லத்தீன் பெண்கள் என்றால் உயிர்’ என்ற ரக வசனம். அவர் ஸ்பெயின்காரர் என்பது ஒரு பக்கம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தன்னைத் தேடி வந்தவர் போல இல்லாமல் ஒரு வகைச் சரக்கைத் தேடி வந்தவர் போல அது தோன்றும்.

அனுப்பிய பிறகு பதில் வராமல் போகலாம். வராவிட்டால் இரண்டாவது செய்தி வேண்டாம். ‘ஓலா?’ என்று கேள்விக்குறி போட்டு எழுப்புவதும் வேண்டாம். ‘jaja’ என்று மட்டும் வந்து நின்றால், அது நம் ‘ஹாஹா’ (அங்கே j-க்கு ஹகர ஒலி), சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலோடு ‘¿y tú?’ என்று திருப்பிக் கேட்டால் பேச விருப்பம் இருக்கிறது. ‘கே மாஹோ’ என்று எழுதினால் நல்ல ஆள் நீ என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் ஏற்றிவிடாதீர்கள். சில நாள் கழித்துச் செய்தியின் முடிவில் ‘பேசோஸ்’, முத்தங்கள், என்று போட்டாலும் அப்படியே. ஸ்பெயினில் தோழிகளுக்கும் அத்தைக்கும் அதைத்தான் போடுவார்கள். அவர் போட்ட பிறகு வேண்டுமானால் நீங்களும் போடலாம், முந்திக்கொள்ளாதீர்கள்.

நிச்சயம் வரக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: உனக்கு எப்படிப் பிடிக்கும், பதமாகவா, இறுகியா? இதுவரை சாப்பிட்டதே இல்லை என்றால் தெரிந்த மாதிரி அளக்காமல் இதை அனுப்புங்கள், ‘இன்னும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. எது முதலில்?’

```
Todavía no la he probado. ¿Por cuál empiezo?
```